மெசேஜில் கடலை போடப் பழகுபவர்களுக்கு: பதிலைப் படியுங்கள்

'பிடித்தவருக்கு அனுப்ப அசத்தலான வரிகள்' என்று பட்டியல் போட்டுப் பகிர்கிறார்களே, அதில் ஒன்றைக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அந்த வரியை ஊரில் உள்ள யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அது வாங்குபவருக்கும் உடனே தெரிந்துவிடும். சீண்டல் என்பது உங்கள் இருவருக்கும் நடுவே ஏற்கெனவே நடந்த ஏதோ ஒரு சின்ன விஷயத்திலிருந்து முளைக்க வேண்டும். அது ஒன்று கிடைத்துவிட்டால் முதல் வரி தானாக வந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் கோட்டை விடுவது அதற்கு அடுத்த இடத்தில், பதில் வந்த பிறகு.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வாசிப்புக் குழுவில் இருக்கிறார்கள். சந்திப்புக்கு அவள் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வருவாள். ஒருநாள் சந்திப்பு முடிந்த பிறகு அவன் அனுப்புகிறான்: "இன்னைக்கும் ஏழு நிமிஷம் லேட். சரியான நேரத்துக்கு வந்தா உங்களுக்கு அலர்ஜியா?"

இந்த வரியில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்கின்றன. கேலி அவள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியது. உடம்பையோ உடையையோ தொடவில்லை. அப்புறம், அவளுக்கு விளையாட விருப்பமில்லை என்றால் இதைச் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். எதிராளிக்கு அந்த வழி திறந்திருக்கும்வரைதான் இது விளையாட்டு. "டிபி சூப்பரா இருக்கு, கண்ணை எடுக்கவே முடியல" என்று எடுத்த எடுப்பில் அனுப்பினால் அந்த வழி அடைபட்டுவிடும். அவர் நன்றி சொல்லியே ஆக வேண்டும், அல்லது மௌனமாக வேண்டும். வழிசல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அவள் இப்படிப் பதில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "ஏழு இல்ல, ஆறு. அதுசரி, ஸ்டாப்வாட்ச் வெச்சு எல்லாருக்கும் கணக்கு எடுக்கிறீங்களா?"

இதைக் கவனியுங்கள். அவள் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவன் சொன்னதைப் பிடித்துத் திருத்தினாள், ஸ்டாப்வாட்ச் என்று தன் பங்குக்கு ஒரு பொருளைச் சேர்த்தாள், பிறகு கேள்வி கேட்டாள். பதிலில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா, உங்களிடம் ஏதாவது திரும்ப வந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். இரண்டும் இருந்தால் ஒரு படி ஏறலாம். ஒரு படிதான். "எல்லாருக்கும் இல்ல. குறிப்பிட்ட ஒருத்தருக்கு மட்டும்." அதற்கு அவள், "ஓஹோ, அந்த ஒருத்தருக்கு இது தெரியுமா?" என்று கேட்டால் விளையாட்டு நன்றாகவே போகிறது. "இப்பதான் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்வது நல்லது. உற்சாகத்தில் அதே இரவில் இன்னும் நாலு படி தாவுகிறவர்கள்தான் மறுநாள் காலை 'ஏன் பதிலே வரல' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இதே முதல் வரிக்கு வேறு மாதிரியும் பதில் வரலாம். "சாரிங்க, கிளம்பும்போது ஒரு வேலை வந்துடுச்சு." இங்கே அவள் உங்கள் கேலியைப் புகாராக எடுத்துக்கொண்டிருக்கிறாள், அல்லது கேலி என்று தெரிந்தே விலகிக்கொள்கிறாள். எது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "அய்யோ, சும்மா சொன்னேன். அந்தக் கடைசி அத்தியாயம் உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று பழைய பேச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். 'ஜோக்குக்கூடப் புரியலையா' என்று மட்டும் கேட்காதீர்கள். சில நாள் கழித்து வேறொரு விஷயத்தில் மெல்ல ஒருமுறை பார்க்கலாம். அதற்கும் தட்டையான பதில்தான் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். புத்தகம் பற்றிப் பேசுகிற நட்பாவது மிஞ்சும்.

குழப்பம் பண்ணுவது மூன்றாவது வகை: வெறும் "ஹாஹா", கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. ஆண்கள் பலர் இதைப் பச்சைக்கொடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறுத்தால் எதிராளி முறைத்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறவர்களும் இதையேதான் அனுப்புகிறார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. அதனால் அந்த ஒரு ஹாஹாவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு படியும் ஏறாமல் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து பாருங்கள். அவராக ஒருமுறையாவது பேச்சைத் தொடங்குகிறாரா? பழைய கேலியை அவரே இழுக்கிறாரா? "இன்னைக்கு ஆறு நிமிஷம்கூட ஆகல, பாத்தீங்களா" என்று அவரிடமிருந்து வந்தால் அது ஆயிரம் ஹாஹாவுக்குச் சமம். ஒன்றுமே வரவில்லை, எப்போதும் நீங்கள்தான் தொடங்குகிறீர்கள் என்றால் அதுவும் பதில்தான்.

எவ்வளவு நேரம் கழித்துப் பதில் வந்தது என்று நிமிடம் எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாட்ஸாப்பில் நீல டிக்கை அணைத்து வைக்க முடியும். அப்படி வைத்தவர் படித்த பிறகும் உங்கள் திரையில் சாம்பல் நிறம்தான் தெரியும். ஆன்லைனில் இருந்தும் பதில் போடவில்லை என்றால் வேறு யாரோடோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அவருடைய வழக்கம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். எப்போதும் நீளமாக எழுதுகிறவர், நீங்கள் சீண்டும்போது மட்டும் "ம்" என்று சுருங்கினால் அதற்கு அர்த்தம் உண்டு.

நம் மொழியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 'நீங்க' எப்போது 'நீ' ஆகிறது என்பது நிறையச் சொல்லும். புதிதாகப் பேசுகிறவர்கள் இதில் அவசரப்படுவதைப் பார்க்கிறேன். இரண்டாம் நாளே "ஏய்", "டீ" என்று இறங்கிவிடுகிறார்கள். அவரை முதலில் இறங்க விடுங்கள், அல்லது கேட்டுவிட்டு இறங்குங்கள். எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். இதுவரை பெயர் சொல்லிப் பேசியவர் திடீரென்று "ஓகே அண்ணா", "தேங்க்ஸ் ப்ரோ" என்று எழுதினால் அவர் மிகவும் நாகரிகமாகக் கதவைச் சாத்துகிறார். "அண்ணாவா?!" என்று அழுமூஞ்சி எமோஜி போட்டுக் கெஞ்ச வேண்டாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இயல்பாகப் பேசுங்கள்.

பதிலைப் படிக்கும் இந்த வழி எதுவும் செல்லாத இடம் ஒன்று உண்டு. அவருடைய சம்பளமோ மதிப்பெண்ணோ உங்கள் கையில் இருந்தால், அவர் அனுப்பும் எந்தக் கலகலப்பான பதிலையும் நீங்கள் நம்ப முடியாது. சிரிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது. அங்கே சீண்டலைத் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

மற்றபடி, எவ்வளவு பார்த்தும் புரியவில்லை என்றால் கேட்டுவிடலாம். கேட்டால் விளையாட்டு கெட்டுவிடும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "நான் ரொம்பக் கலாய்க்கிறேனோ? தொந்தரவா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "அய்யோ இல்ல, நிறுத்தினாதான் தொந்தரவு" என்று வந்தால் சந்தேகமே இல்லை. "இல்ல இல்ல, பரவாயில்ல" என்று மட்டும் வந்து பேச்சு அங்கேயே நின்றால், அதை 'ஆமாம், தொந்தரவுதான்' என்றே எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.