எந்த வெள்ளி என்று எழுதித் தொலையுங்களேன்!

"அடுத்த வெள்ளி" என்று எழுதிய தாளை இனி யார் கொண்டுவந்து வைத்தாலும் சரி, தேதி தெரியாமல் நான் கீபோர்டைத் தொடப்போவதில்லை. கோத்தகிரியில் பல வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தேயிலை ஃபேக்டரி அறிவிப்பு என்று ஊருக்குப் போகிற தாள் பாதி என் கையைத் தாண்டித்தான் போகிறது. எழுத்துப் பிழையைக் காட்டினால் "நல்லவேளை அக்கா, பார்த்தீங்க" என்கிறார்கள். "இது எந்த வெள்ளி?" என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிப் போகிறது. "எல்லாருக்கும் தெரியும்க்கா, அப்படியே அடிங்க." யாருக்குத் தெரியும்? எழுதினவருக்குத் தெரியும். படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம், 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. ஒரு ஃபேக்டரியிலிருந்து ஒரு பையன் நோட்டீஸ் கொண்டுவந்தான். பெயர் வேண்டாம், எந்த ஃபேக்டரியாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டே வரி: "இயந்திரப் பராமரிப்பு காரணமாக அடுத்த வெள்ளிக்கிழமை பச்சை இலை எடுக்கப்படாது. விவசாயிகள் ஒத்துழைக்கவும்." நான் கேட்டேன், "தம்பி, இந்த வாரம் 13ஆ, அடுத்த வாரம் 20ஆ?" அவன் யோசிக்கக்கூட இல்லை. "வர்ற வெள்ளிதான்க்கா, 13." சரி, அப்படியானால் 13 என்று சேர்த்துவிடட்டுமா என்றேன். "வேண்டாம்க்கா, மேனேஜர் எழுதினது, மாத்தினா திட்டுவாரு." அப்படியே அடித்து நாற்பது நகல் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

மேனேஜர் நினைத்தது 20.

அவரைப் பொறுத்தவரை 13 என்பது "இந்த வெள்ளி". அது வருகிற வெள்ளி. அடுத்த வாரத்து வெள்ளிதான் "அடுத்த வெள்ளி". பையனுக்கோ அடுத்ததாக வரும் வெள்ளி எதுவோ அதுதான் அடுத்த வெள்ளி. இரண்டு பேரும் நல்ல தமிழில்தான் பேசினார்கள், இரண்டு பேர் மேலும் இலக்கணத் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் இது ஆபத்து. தப்பாக எழுதியிருந்தால் படிக்கிறவர் தடுக்கி நின்று யாரையாவது கேட்பார். இதில் யாரும் தடுக்குவதில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய தேதியைச் சந்தேகமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போனார்கள். இலை எடை போடுகிற கொட்டகைச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 13 என்று எடுத்துக்கொண்டவர்கள் அன்றைக்கு இலை பறிக்க வேண்டாமென்று ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தின ஆள் சும்மா இருப்பாரா? வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார், திரும்பக் கிடைக்க நாலைந்து நாள் ஆயிற்று. மழைக்காலத்துக் கொழுந்து நமக்காகக் காத்திருக்காது. பறிக்கிற ரவுண்டு தள்ளிப்போனால் இலை முற்றிவிடும், முற்றின இலைக்கு எடை போடுகிற இடத்தில் என்ன மரியாதை என்பது தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு இலை எடுக்கிற ஃபேக்டரி லாரி வழக்கம்போல வந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை 20ஆம் தேதி. லீவு நாள் போன வாரமே முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் எல்லோரும் பறித்துவிட்டார்கள். என் கடைக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரை ஏக்கருக்கும் கொஞ்சம் கூடுதல். அன்றைக்கு 74 கிலோ பறித்து, மூட்டை கட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டு நாலு மணியிலிருந்து லாரிக்குக் காத்திருந்தார். லாரி வரவில்லை. பறித்த இலைக்கும் மூச்சு உண்டு, மூட்டைக்குள் இறுக்கி வைத்தால் தானாகவே சூடேறும். அதனால்தான் பறித்த அன்றே ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் வாடவைக்கும் தொட்டியில் பரப்புகிறார்கள். ராத்திரி எட்டரைக்கு நான் போய் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே குளிர், மூட்டை நடுவில் கஞ்சிப் பானையைத் தொட்ட மாதிரிச் சூடு. வெளியே எடுத்த கொழுந்து ஓரமெல்லாம் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது, பச்சை வாசம் போய்ப் புளித்த வாடை. இரண்டு பேரும் சாக்கை அவிழ்த்துக் கொட்டி, சிமெண்டுத் தரையில் விரித்துப் போட்டோம். காலையில் பாதிதான் தேறியது. பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, குப்பைக்குப் போனதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு எண்! "20" என்று இரண்டு இலக்கம்!

இதில் எனக்குப் பெரிய பாடம் வேறொன்று. பையன் சொன்னதை நம்பி நான் 13 என்று போட்டிருந்தால்? நோட்டீஸ் தெளிவாக இருந்திருக்கும், தெளிவாகத் தப்பாக இருந்திருக்கும். தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைக் கேட்டது என் பிழை. கேட்க வேண்டியது எழுதினவரை. அவர் மனசில் எந்தத் தேதி இருக்கிறது என்பது வேறு யாருக்கும் தெரியாது. அதனால் நாமாக ஊகித்துத் திருத்தவே கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நம் ஊகம் சரியாகவே இருந்தாலும், மீதிப் பத்தில் யாருடைய இலையோ வேகும்.

கேட்கிற விதமும் இருக்கிறது. "கொஞ்சம் தெளிவா எழுதுங்க சார்" என்றால் யாருக்கும் புரிவதில்லை, கோபம்தான் வருகிறது. எழுதினவர் கண்ணுக்கு அது ஏற்கெனவே தெளிவுதான். அதனால் இரண்டு தேதியையும் கிழமையோடு முன்னால் வைக்க வேண்டும்: "அடுத்த வெள்ளின்னு இருக்கு. ஜூன் 13 வெள்ளியா, ஜூன் 20 வெள்ளியா?" அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு "எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்கிறவர் குறைவு. இன்னொரு தேதியும் பொருந்துகிறது என்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

தேதியோடு கிழமையும் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் 20 என்பது கை தவறி 21 ஆனால் யாருக்கும் தெரியாது. "ஜூன் 21, வெள்ளி" என்று அச்சானால் காலண்டர் பார்க்கிற முதல் ஆளே பிடித்துவிடுவார், 21 சனியாயிற்றே என்று. அப்படி இடிக்கும்போதும் எது சரி என்று நாமே முடிவு பண்ணக் கூடாது. மறுபடி போன் போட வேண்டும்.

எந்தக் கிழமையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துக் குழப்பம் கூடும், குறையும். திங்கள் முதல் வியாழன் வரை எழுதிய "அடுத்த வெள்ளி" மோசமானது, இரண்டு வெள்ளியும் சரிசமமாகப் போட்டியிடும். சனிக்கிழமை எழுதினால் பெரும்பாலும் ஒரே வெள்ளியில் வந்து நிற்கும். ஆனால் சுவரில் ஒட்டின தாளுக்கு அந்தக் கணக்கும் உதவாது. செவ்வாய் எழுதினதை ஒருவர் சனிக்கிழமை படிக்கிறார், இன்னொருவர் மறு புதன் படிக்கிறார். அந்தப் புதன்கிழமைக்காரருக்கு "அடுத்த வெள்ளி" 27 என்றுகூடத் தோன்றலாம். என்றைக்கு எழுதினது என்று கீழே தேதிகூட இல்லை! வாட்ஸ்அப்பில் "நாளை கரண்ட் இருக்காது" என்று மூன்று நாள் கழித்து வந்து சேர்வதும் இதே கூத்துதான்.

அப்புறம் இந்த "வாரக் கடைசி". இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே ஃபேக்டரி, அதே வாரம்: "இலைப் பணம் வாரக் கடைசிக்குள் வங்கியில் வரவு வைக்கப்படும்." ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வாரக் கடைசி வெள்ளி சாயங்காலம். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குச் சனி. சுவரில் தொங்குகிற காலண்டரில் ஞாயிறு முதல் கட்டம், சனி கடைசிக் கட்டம். பல போன்களில் திங்கள் முதலில் வருகிறது, ஐ.எஸ்.ஓ. 8601 என்கிற சர்வதேசக் கணக்கும் அப்படித்தான், அதன்படி வாரம் முடிவது ஞாயிறு. ரூம் வாடகைக்கு விடுகிறவரிடம் "வார இறுதி" என்றால் டூரிஸ்ட் வண்டி மலையேறுகிற சனியும் ஞாயிறும், அது ஒரு நாளே இல்லை. இத்தனைக்கும் அந்த வாரச் சனிக்கிழமை 14ஆம் தேதி, மாதத்தின் இரண்டாம் சனி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனியில் வங்கி மூடியிருக்கும். வெள்ளி என்று எழுதியவர் நினைத்திருந்தால் சரி. சனி என்று நினைத்த பெரியவர் ஒருவர் காலை ஒன்பது மணி பஸ்ஸில் இறங்கி, மூடின ஷட்டர் முன்னால் பாஸ்புக்கோடு நின்றார். போகவர பஸ் காசு, அரை நாள் வேலை, முட்டி வலி. "ஜூன் 13 வெள்ளி மாலைக்குள்" என்று எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?

"எட்டு நாளில் தருகிறோம்" என்பதையும் நான் விடுவதில்லை. வெள்ளிக்கு வெள்ளி எட்டு என்று எண்ணுவது நம் வழக்கம், முதல் நாளும் சேர்த்தி. இன்றைய பிள்ளைகள் இன்றைக்கு வெள்ளி என்றால் நாளையிலிருந்து எண்ணிச் சனியில் நிற்கிறார்கள். பேசும்போது இது ஒன்றும் பண்ணாது, எதிரில் இருப்பவர் கேட்டுக்கொள்வார். தாளைக் கேட்க முடியுமா?

இப்போதெல்லாம் அடிக்கிறதுக்கு முன்னால் தாளை ஒரு தடவை இதற்காகவே படிக்கிறேன். அடுத்த, வரும், இந்த, நாளை, கடைசி, இறுதி, நாளில், இந்தச் சொற்களை மட்டும் தேடிக்கொண்டு போகிறேன், சிக்கினதைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுகிறேன். நேரம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆர்டர் சீட்டில் கொண்டுவந்தவர் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: "எழுதியவர் போன் நம்பர்."

நேற்று அதே பையன் வந்தான். "மாதக் கடைசியில் உரம் வழங்கப்படும்." ஆடி மாதக் கடைசியா, ஜூலைக் கடைசியா என்று கேட்டேன். இந்தத் தடவை அவன் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து மேனேஜருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு என் மேஜைமேல் வைத்தான்.