மெழுகு ஒட்டிய இசைக்கவை: விடை 252 அல்ல, 260

"256 ஹெர்ட்ஸ் கவையோடு இன்னொரு கவையை ஒலிக்கவிட்டால் நொடிக்கு 4 விம்மல். இரண்டாவது கவையில் மெழுகு ஒட்டினால் 2 விம்மல். மெழுகு அதிர்வெண்ணைக் குறைக்கும், ஆகவே அதன் அதிர்வெண் 252." இப்படி ஒரு விடைத்தாள் படம் சுற்றுகிறது. விம்மல் என்பது இரண்டு ஒலிகள் சேரும்போது சத்தம் கூடிக் குறைந்து கேட்பது; நொடிக்கு எத்தனை விம்மலோ அதுவே இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்.

மெழுகு அதிர்வெண்ணைக் குறைக்கும் என்பது சரிதான். கவையின் நுனியில் எடை கூடினால் அது மெதுவாக அதிரும். பிழை அடுத்த படியில். 252 என்றே வைத்துக்கொள்வோம். மெழுகு ஒட்டியதும் அது 250க்கு இறங்கினால் 256ஐ விட்டு இன்னும் விலகுகிறது, விம்மல் 6 ஆகிறது. எவ்வளவு மெழுகு ஒட்டினாலும் விம்மல் கூடுமே தவிரக் குறையாது. 260 என்றால் 258க்கு இறங்கி 256ஐ நெருங்கும், விம்மல் 2 ஆகும். எனவே விடை 260.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டியது. விம்மல் கூடியிருந்தால் உடனே 252 என்று முடிவுகட்டக் கூடாது. மெழுகு அதிகமானால் 260 கவையும் 256ஐத் தாண்டி 250 வரை இறங்கி அதே 6 விம்மலைத் தரும். ஆய்வகத்தில் மெழுகைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் 10 நொடிக்கு விம்மல்களை எண்ணுங்கள். முதல் துளியிலேயே 40 என்பது குறையத் தொடங்கினால் கவை 256க்கு மேலே இருக்கிறது.