மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன வரும், சார்?

ஞாயிற்றுக்கிழமை பங்குச்சந்தைப் பாடம் எடுத்த சாரின் லைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

ஏ.பி.டி. கணக்கு, அதாவது ஆர்பிட்ரேஜ் பிரைசிங் தியரி: ரிஸ்க் இல்லாத வட்டியோடு, ஒவ்வொரு காரணிக்கும் பீட்டாவைப் பிரீமியத்தால் பெருக்கிக் கூட்டினால் பங்கில் எதிர்பார்க்கும் வருமானம். பீட்டா என்றால் அந்தக் காரணி அசைந்தால் பங்கு எவ்வளவு அசையும் என்பது; பிரீமியம் என்றால் அந்த ரிஸ்க்குக்குச் சந்தை தரும் கூலி. ரிஸ்க் இல்லாத வட்டி 7%. தொழில் உற்பத்திக்குப் பங்கின் பீட்டா 1.2, பிரீமியம் 3%. நீண்டகால-குறுகியகால வட்டி இடைவெளிக்கு பீட்டா 0.4, பிரீமியம் 2%. எதிர்பாராத பணவீக்கத்துக்கு பீட்டா -0.5, பிரீமியம் -2%. இதில் கடைசி உருப்படியைத்தான் அவர் கழித்தார். "பணவீக்கம் ஏறினா இந்தப் பங்கு அடிவாங்கும், அதனால ஒரு பர்சென்ட் கழிச்சிடுங்க." விடை 10.4%. ஐந்நூறு பேர் ஹார்ட் விட்டார்கள்.

கழிக்கக் கூடாது சார். கூட்டணும். 7 + 3.6 + 0.8 + 1 = 12.4.

அடிவாங்கும் என்பது சரிதான். அடிவாங்கும் பங்கை வைத்திருப்பவன் அதற்குக் கூலி கேட்பான், அதுதான் எதிர்பார்க்கும் வருமானம். விலைவாசி எகிறும்போது கைகொடுக்கும் பங்கைக் குறைந்த வருமானத்துக்கும் வாங்க ஆள் இருக்கிறது. பிரீமியம் மைனஸில் இருப்பதற்கு அர்த்தமே அதுதான். 1986-இல் சென், ரோல், ராஸ் மூவரும் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்தபோதும் அதற்கு மைனஸ்தான் வந்தது.

பணவீக்கம் நிஜமாகவே எதிர்பார்த்ததைவிட 2% கூடினால்? அப்போது கழியுங்கள். 12.4-இல் ஒன்று போய், மற்றதெல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தால், 11.4 கையில் வரும். அது நடந்த பிறகு வந்த வருமானம். அதே -0.5தான், ஆனால் அங்கே அதிர்ச்சியோடு பெருக்குகிறோம், இங்கே பிரீமியத்தோடு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் "சிம்பிளா சொல்றேன்" என்கிறார்.

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். டியூஷன் ஆரம்பித்த புதிதில் போர்டில் கழித்து எழுதினேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், ரிஸ்க் ஜாஸ்தியா இருக்கிற பங்குக்கு ஏன் மிஸ் கூலி கம்மி?" என்றான். வாயடைத்துப் போனேன். டஸ்டரை எடுத்து அழித்தேன். அவ்வளவுதான், மானம் ஒன்றும் போய்விடவில்லை.

"பிரீமியம் எவ்வளவு என்று யாருக்கு மேடம் தெரியும், எல்லாம் தியரி" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எந்தக் காரணிகள் என்றே இந்தத் தியரியைக் கொண்டுவந்த ராஸ் 1976-இல் சொல்லவில்லை. பழைய தரவிலிருந்துதான் மதிப்பிட வேண்டும், காலத்துக்குக் காலம் மாறும். சென் கூட்டணிக்கே அந்த மைனஸ் எல்லாக் காலகட்டத்திலும் அழுத்தமாக வரவில்லை. ஆனால் எண்களைக் கொடுத்தது நீங்கள்தானே? கொடுத்த எண்ணை ஒழுங்காகப் பெருக்குவதற்குமா தரவு வேண்டும்?

"ரெண்டு பர்சென்ட்தானே." தானேவா! அதே பீட்டாக்கள் வரும்படி வேறு பங்குகளைச் சேர்த்தால் 12.4 கிடைக்கும்போது, இது 10.4-தான் தருமென்றால் விலை அதிகம் என்று அர்த்தம். விவரமானவன் இதை ஷார்ட் அடித்து, அதாவது கடன் வாங்கி விற்று, அதை வாங்குவான். ஆர்பிட்ரேஜ் என்று பெயர் வைத்ததே அதற்குத்தான்.

இதையெல்லாம் மரியாதையாக, "சார்" போட்டுத்தான் கமென்டில் எழுதினேன். "டியூஷன் டீச்சருக்கு மார்க்கெட் பத்தி என்ன தெரியும்" என்று ஒருவர். அதற்கு லைவ் சார் ஒரு சிரிப்பு எமோஜி. பதினைந்து வருஷமாகச் சாக்பீஸ் தூசியைத் தின்கிறேன், ஒரு பையனையும் இப்படிச் சிரித்ததில்லை.

இன்று காலை என் கமென்டைக் காணோம். 10.4 மட்டும் அப்படியே இருக்கிறது.