மலிவான டிக்கெட்டின் கடைசிப் பக்கம்

அக்கா நேற்று ஒரு முகவர் தளத்தின் இணைப்பை அனுப்பி, "தம்பி, விமான நிறுவனத்தின் தளத்தில் இருப்பதைவிட இங்கே ரொம்பக் குறைவாக இருக்கிறது. பணம் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள். "கொஞ்சம் பொறு அக்கா, கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தேடல் பட்டியலில் முதலில் தெரிகிற தொகையை விலை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. அட்டை எண்ணைக் கேட்கும் பக்கத்தில் நிற்கிற தொகைதான் விலை.

இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, ஒரே நாள், ஒரே விமான எண் என்று உறுதி செய்துகொண்டேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விமான நிறுவனத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். முகவர் தளத்தில் அதே விமானம் 86. பார்த்தவுடன் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த 100க்குள் 23 கிலோ பெட்டி ஒன்று அடக்கம். 86இல் கைப்பையைத் தவிர எதுவும் கிடையாது. அது அந்த விமான நிறுவனமே விற்கிற மிகக் கீழ்நிலைக் கட்டணம். அதன் சொந்தத் தளத்திலும் கொஞ்சம் தேடினால் கிடைக்கிறது. முகவர் தளம் பெட்டி உள்ள கட்டணத்தையும் பெட்டி இல்லாத கட்டணத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால் கண் ஏமாறுகிறது. பெட்டியைச் சேர்த்தேன், 97 ஆயிற்று.

அடுத்த பக்கத்தில் 'நெகிழ்வான பயணத் திட்டம்' என்று ஒன்று ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டு உட்கார்ந்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லும் வரி, வெளிர் சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாதபடி கீழே கிடந்தது. தேடிப்பிடித்து நீக்கினேன். இந்த மாதிரித் திட்டங்களின் விதிமுறையைத் திறந்து படித்துவிட்டு நீக்குவது என் பழக்கம். தேதியை மாற்றினால் முகவர் தன்னுடைய சேவைக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வார். விமான நிறுவனம் கேட்கும் அபராதமும் கட்டண வித்தியாசமும் நம் தலையில்தான் விழும். பெரும்பாலும் அவ்வளவுதான் அந்த நெகிழ்வு.

கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் 5, அட்டைக் கட்டணம் 2. மொத்தம் 104. விமான நிறுவனத்தின் கடைசிப் பக்கத்திலும் அட்டைக்கு 1 கூடியது, அங்கே 101. ஆக, 14 குறைவாகத் தெரிந்த இடம் 3 கூடுதலாக முடிந்தது. எப்போதும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பீட்டுத் தளங்களின் வரிசையில் மேலே வருவதற்காகச் சில முகவர்கள் தங்களுக்கு விழும் விலைக்கும் கீழே டிக்கெட்டைக் காட்டுகிறார்கள். அந்தப் பள்ளத்தைப் பெட்டி, இருக்கை, காப்பீடு என்று பிறகு நிரப்பிக்கொள்கிறார்கள். எதையும் சேர்க்காமல் கைப்பையோடு போகிறவருக்கு அங்கே உண்மையாகவே லாபம் இருக்கலாம்.

அதற்குள் அக்கா அதே தளத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். வழியில் ஓரிடத்தில் மாறிப் போவது, விலை 61. "இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பாய்?" என்றாள். பயண விவரத்தை விரித்துப் பார்த்தேன். இரண்டு விமானங்களும் வேறு வேறு நிறுவனங்கள். பெட்டி அளவு இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தது. அடியில் சிறிய எழுத்தில் 'விமான மாற்றம் பயணியின் சொந்தப் பொறுப்பு' என்று ஒரு வரி. அக்காவுக்குப் புரியும்படி சொன்னேன்: இது ஒரு டிக்கெட் அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டவைத்தது.

முதல் விமானம் காலை 10.20க்கு இறங்குகிறது, அடுத்தது பிற்பகல் 1.35க்குக் கிளம்புகிறது. மூன்றேகால் மணி நேரம் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. குடிவரவு வரிசையில் நின்று வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் புறப்பாட்டுப் பகுதிக்குப் போய் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவையென்றால் அதுவும் கையில் இருக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 12.35தான் கடைசி. கையில் இருப்பது இரண்டேகால் மணி நேரம். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் மிஞ்சுவது 45 நிமிடம். அதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அக்கா வராத பயணி. டிக்கெட் போனது போனதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், தாமதத்தால் அடுத்த விமானம் தவறும்போது வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. முகவர் தளமும் 'இணைப்பு உத்தரவாதம்' என்று ஒன்றைத் தனியாக விற்கிறது. ஆனால் அது முகவர் தருகிற வாக்கு. விமான நிலையக் கவுன்டரில் இருப்பவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் முகவர் வழியாக வாங்கிய பயணத்தை விமான நிறுவனமே ரத்து செய்தது. நிறுவனத்தை அழைத்தால், "உங்கள் முகவர்தான் விண்ணப்பிக்க வேண்டும்" என்றார்கள். முகவரை அழைத்தால், "நிறுவனத்திடமிருந்து இன்னும் பணம் வரவில்லை" என்றார்கள். பதினோரு வாரம் இரண்டு பக்கமும் அலைந்தேன். கடைசியில் வந்த தொகையில் சேவைக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கு அறிக்கையை அன்றைக்கே பார்த்திருந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருப்பேன்: பணம் பிடித்தவர் என்ற இடத்தில் முகவரின் பெயர் இருந்தது. அங்கே யார் பெயர் இருக்கிறதோ, பணம் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் திரும்பி வரும்.

முகவரிடம் வாங்கவே கூடாது என்பதல்ல என் கருத்து. இரண்டு நிறுவனங்களின் விமானங்களை முறையாக ஒரே டிக்கெட்டில் இணைத்துத் தருவது போன்ற வேலைகளில் நல்ல முகவர் பெரிய உதவி. ஆனால் வாங்கிய உடனே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முகவரின் மின்னஞ்சலில் முதலில் கண்ணில் படுவது அவர்களுடைய சொந்தப் பதிவு எண். அதை வைத்துக்கொண்டு விமான நிறுவனத்திடம் எதுவும் கேட்க முடியாது. ஆறு எழுத்தும் எண்ணுமாக இருக்கிற பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். டிக்கெட் எண் வழங்குகிற நிறுவனமாக இருந்தால், அங்கே 13 இலக்க டிக்கெட் எண்ணும் இருக்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய விமான நிறுவனத்தின் குறியீடு. அப்படிப்பட்ட நிறுவனத்தில் பிஎன்ஆர் இருந்து டிக்கெட் எண் இல்லையென்றால், பெரும்பாலும் இடம் பிடித்து வைத்திருக்கிறார்களே தவிர, டிக்கெட் இன்னும் அடிக்கப்படவில்லை. அப்படியே விட்டால் அந்தப் பதிவு தானாக ரத்தாகிவிடும். இரண்டாவது வேலை, அதே பக்கத்தில் தொடர்பு விவரத்தைப் பார்ப்பது. சில முகவர்கள் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார்கள். விமான நேரம் மாறினால் செய்தி அவர்களுக்குப் போகும், நமக்கு வராது. அதை நம்முடையதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அக்கா கடைசியில் 101க்கே வாங்கினாள். "61ஐ விட்டுவிட்டோமே" என்று இன்று காலைகூட ஒரு முறை சொன்னாள். அவள் டிக்கெட் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துப் படம் எடுத்து அனுப்பிவைத்தேன்.