பாவாடை வாங்கிய பிள்ளை வளர்ந்துவிட்டது, உங்கள் மெயில்தான் வளரவில்லை

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒரு துணிக்கடையிலிருந்து இப்படி ஒரு மெயில் வருகிறது: "ஹாய் எஸ், உங்களைக் காணாமல் தவிக்கிறோம்! நீங்கள் ஆசையாக வாங்கிய KPP-MRN-24 உங்களுக்காகக் காத்திருக்கிறது. 20% தள்ளுபடி, இன்று இரவு வரை மட்டும்!"

யார் இந்த எஸ்? பெயர்க் கட்டத்தில் இனிஷியலை முதலில் போடும் பழக்கம் நம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. அந்தக் கட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டினால் இதுதான் கிடைக்கும். ஓர் எழுத்து மட்டும் இருந்தால், அல்லது கட்டம் காலியாக இருந்தால், பெயரே இல்லாமல் "வணக்கம்" என்று தொடங்கு என ஒரு நிபந்தனை போட ஐந்து நிமிடம் ஆகும். அதைக்கூடச் செய்யாமல் "தவிக்கிறோம்" என்றால் யார் நம்புவது? KPP-MRN-24 என்பது குடோன்காரருக்கான குறியீடு. கிட்ஸ் பட்டுப் பாவாடை, மெரூன், 24 அங்குலம். போன வருஷம் அதை வாங்கிய அம்மாவுக்கு அது "பாப்பாவோட பாவாடை", அவ்வளவுதான்.

இவையெல்லாம் மேலோட்டமான கோளாறுகள். அடியில் இருக்கும் கோளாறு வேறு. கடைக்காரரே, இந்த அம்மா உங்களை விட்டுப் போகவே இல்லை!

மெயில் அனுப்பும் மென்பொருள்களில் ஆயத்தமாக ஒரு விதி கிடக்கும்: 90 நாளோ 180 நாளோ ஆர்டர் இல்லையென்றால் அவர் "விலகிய வாடிக்கையாளர்". காப்பித்தூள் விற்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பட்டுத்துணி விற்பவருக்கு எப்படிப் பொருந்தும்? தீபாவளிக்குத் தீபாவளி வாங்குகிற குடும்பம் உங்களுடைய மிக ஒழுங்கான வாடிக்கையாளர். 90 நாள் கணக்கில் அவர் பொங்கல் முடிந்ததுமே "விலகியவர்" ஆகிவிடுகிறார். பிப்ரவரியில் ஒரு "தவிக்கிறோம்", ஏப்ரலில் ஒரு "மறந்துவிட்டீர்களா", ஜூலையில் ஒரு "கடைசி வாய்ப்பு". உண்மையிலேயே வாங்க நினைக்கும் ஐப்பசி வரும்போது அவர் உங்கள் மெயிலையே நிறுத்தி வைத்திருப்பார்.

இதைவிடக் கொடுமை, கடைக்கு நேரில் வந்து வாங்கியவரையும் "எங்களை மறந்துவிட்டீர்கள்" என்பது. பில் போடும் இடத்தில் போன் நம்பர்தான் வாங்குகிறீர்கள், வெப்சைட்டில் இமெயில்தான் அடையாளம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. முந்தாநாள் உங்கள் கவுண்டரில் பன்னிரண்டாயிரத்துக்கு பில் போட்டவருக்குப் பிரிவாற்றாமைக் கடிதம் போகிறது. டெலிவரிக்காக வெப்சைட்டிலும் போன் நம்பர் வாங்கியிருப்பீர்களே. இரண்டு பட்டியலிலும் போன் நம்பரின் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுத்து (+91, 0, இடைவெளி எல்லாம் கழித்து) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பக்கூடாதா?

சரி, 90 நாளை விட்டுவிட்டு 365 நாள் என்று வைத்தோம் என்கிறார் ஒருவர், ஏதோ பெரிய திருத்தம் செய்ததுபோல. ஐயா, தீபாவளி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டதா? 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. முதல் இடைவெளி 354 நாள், அடுத்தது 384 நாள். 365 எங்கேயுமே பொருந்தவில்லை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 5 அன்று சேலை வாங்கினார், தீபாவளிக்கு 26 நாள் முன்னால். ஏன் அவ்வளவு முன்னால்? பிளவுஸ் தைக்க வேண்டுமே. தீபாவளி நெருங்கினால் டெய்லர் புதுத் துணியைக் கையில் வாங்கவே மாட்டார். 365 நாள் விதிப்படி அவருக்கு மெயில் போவது 2025 அக்டோபர் 5. அந்த ஆண்டு தீபாவளிக்கு அப்போது 15 நாள்தான் இருக்கிறது. பார்சல் வர நான்கு நாள் கழித்தால் 11. டெய்லர் கையை விரித்துவிடுவார். அவர் ஏற்கெனவே வேறு கடையில் வாங்கியிருப்பார். அடுத்த ஆண்டு கதை தலைகீழ்: 2025 செப்டம்பர் 24 அன்று, அதே 26 நாள் முன்னால், வாங்கியவருக்கு 2026 செப்டம்பர் 24இல் மெயில் போகும். பண்டிகைக்கு 45 நாள் இருக்கும். போனஸ் வரவில்லை, யாருக்கு என்ன எடுப்பது என்ற பேச்சே வீட்டில் தொடங்கவில்லை. மெயில் அடியில் புதைந்து போகும்.

எண்ண வேண்டியது "எத்தனை நாளாயிற்று" என்பதை அல்ல, "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் வாங்கினார்" என்பதை. இதற்கு ராக்கெட் விஞ்ஞானியெல்லாம் வேண்டாம், PostgreSQLஇல் இந்த வரிகள் போதும்.

```sql
SELECT customer_id,
       MAX(DATE '2025-10-20' - order_date) AS days_before
FROM orders
WHERE order_date BETWEEN DATE '2025-09-01' AND DATE '2025-10-20'
GROUP BY customer_id;
```

இதில் 26 என்று வருபவருக்கு 2026 நவம்பர் 8லிருந்து 26 நாள் பின்னால் எண்ணினால் அக்டோபர் 13. அதற்கு மூன்று நான்கு நாள் முன்னால், அக்டோபர் 9 அல்லது 10இல் மெயில் போகட்டும். கடைசி வாரத்தில் முறுக்கும் அதிரசமும் வாங்குபவருக்கு days_before 6, 7 என்று வரும். அவருக்கு ஒரு மாதம் முன்னால் அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஒரே பட்டியல், ஒரே நாள், ஒரே பட்டன் என்று அழுத்துவதால்தான் மூன்று நாள் முன்னால் எல்லோருக்கும் சேர்த்து அந்த மெயில் வருகிறது, அதுவும் பார்சல் போய்ச் சேராத நேரத்தில். "இன்று இரவு வரை" என்று அவசரப்படுத்துகிறீர்கள், எப்போது கையில் கிடைக்கும் என்று ஒரு வரி இல்லை. பண்டிகை மெயிலில் வாங்குபவர் தேடும் ஒரே தேதி அதுதான்!

இப்போது பழைய பொருளை நினைவூட்டும் சமாசாரத்துக்கு வருவோம். "நீங்கள் வாங்கியதை மறுபடி வாங்குங்கள்" என்பது எல்லாப் பொருளுக்கும் ஆகுமா? நெய், சீயக்காய்த்தூள், மிக்சர் தீர்ந்துபோகும். அதையே மறுபடி காட்டலாம், "போன முறை ஒரு கிலோ" என்று அளவைக்கூடச் சொல்லலாம். குழந்தைத் துணி வளர்ந்துபோகும். 24 அங்குலப் பாவாடையை மறுபடி காட்டினால் அது இந்த வருஷம் முழங்காலுக்குத்தான் வரும். அங்கே காட்ட வேண்டியது அடுத்த அளவுகளின் பக்கம். பட்டுச்சேலை தீராது, வளராது, பீரோவில் இருக்கும். அதே மெரூன் சேலையை இரண்டாவதாக எந்தப் பெண் வாங்குவாள்? அங்கே பழைய ஆர்டரை வைத்து "போன வருஷம் மென்பட்டு எடுத்தீர்கள், அதே ரகத்தில் புது நிறங்கள் வந்திருக்கின்றன" என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தலை தீபாவளி செட் வாங்கியவருக்கு மறு வருஷமும் "உங்கள் தலை தீபாவளிக்கு" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் அதைப் படித்துவிட்டு மாமியார் என்ன கேட்பார் என்று யோசித்தீர்களா?

ஆர்டர் பட்டியலில் ஒரு வரி இருந்தால் அது ஆசையாக வாங்கியது என்று அர்த்தமில்லை. சாயம் போகிறது என்று திருப்பி அனுப்பியதும் அதில் இருக்கும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திரும்பிப் போனதும் இருக்கும். திருப்பி அனுப்பிய சேலையின் போட்டோவையே போட்டு "உங்களுக்குப் பிடித்த" என்று எழுதினால், அடங்கியிருந்த கோபத்தைத் தட்டி எழுப்புகிறீர்கள். பணம் திரும்பக் கொடுத்தவை, ரத்தானவை, பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறாக உள்ளவை மூன்றையும் கழித்துவிடுங்கள். கடைசியில் சொன்னது பெரும்பாலும் பிறருக்கு அனுப்பிய பரிசு. உள்ளாடை, கர்ப்பகால உடை, பிறந்த குழந்தைச் சாமான் பக்கம் போகவே வேண்டாம். இடையில் அந்த வீட்டில் என்ன நடந்ததோ யாருக்குத் தெரியும்.

வீட்டில் துக்கம் நடந்திருந்தால் பலர் அந்த வருஷம் தீபாவளி கொண்டாடுவதில்லை. அவர்களுக்கும் "கொண்டாட்டம் காத்திருக்கிறது!" என்று பட்டாசுப் படம் போகிறது. இங்கிலாந்தில் ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற பூ விற்கும் நிறுவனம் 2019இல் அன்னையர் தின மெயில்கள் வேண்டாதவர்கள் அதை மட்டும் நிறுத்திக்கொள்ள வழி செய்தது. அங்கே பூக்கடைக்குத் தோன்றியது, இங்கே தலைமுறை தலைமுறையாகத் துக்கம் அனுசரிக்கும் ஊரில் துணிக்கடைக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் மெயில் ஐந்து வரிக்குமேல் போகாது:

"வணக்கம். போன தீபாவளிக்கு எங்களிடம் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தீர்கள். அதற்கு அடுத்த அளவுகள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அக்டோபர் 28க்குள் ஆர்டர் செய்தால் தமிழ்நாட்டுக்குள் நவம்பர் 3க்குள் வந்துவிடும். அளவு சரியில்லையென்றால் மாற்றவும் நேரமிருக்கும். இந்த முறை தீபாவளி மெயில் வேண்டாமென்றால் இங்கே தட்டுங்கள், பொங்கலுக்கு எழுதுகிறோம்."

தள்ளுபடி எங்கே என்பீர்கள். வருஷா வருஷம் தானாக வருபவருக்கு 20% எதற்கு? உண்மையிலேயே இரண்டு தீபாவளி தவறவிட்டவருக்குக் கொடுங்கள்.

அந்த இரண்டு தீபாவளிக்காரர்களிடம்தான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. பழைய பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பினால் `550 5.1.1`, அதாவது இப்படி ஒரு முகவரியே இல்லை, என்று சரம் சரமாகத் திரும்பி வரும். உயிரோடிருப்பவர்களில் சிலர் யார் இவர்கள் என்று ஸ்பாமில் தள்ளுவார்கள். ஜிமெயில் கணக்குகளுக்கு மொத்தமாக அனுப்புபவர்களின் ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது என்பது கூகுளின் விதி. ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும், கதை முடிந்தது. அதன்பின் உங்கள் டொமைனிலிருந்து போகும் ஆர்டர் உறுதி மெயிலும் டெலிவரி மெயிலும் சேர்ந்து ஸ்பாமுக்குப் போகும், அதுவும் தீபாவளி வாரத்தில். கடைக்குப் போன் மேல் போன்: "பணம் போயிடுச்சு, ஆர்டர் வந்துச்சா இல்லையா?"

விளம்பர மெயிலுக்குத் தனி சப்டொமைன் வையுங்கள். போன வருஷம் வாங்கியவர்களுக்கு முதலில், பழையவர்களுக்குப் பிறகு சிறு சிறு கட்டுகளாக, தினமும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பாம் புகார் அளவைப் பார்த்துக்கொண்டு அனுப்புங்கள். யார் மெயிலைத் திறந்தார்கள் என்பதை வைத்துப் பிரிக்காதீர்கள். ஐபோன் மெயில் செயலி 2021லிருந்து படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால், திறக்காதவரும் திறந்தவராகத் தெரிவார். மெயிலின் தலைப்பகுதியில் இந்த இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
List-Unsubscribe: <https://news.example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பும் கடைகளின் விளம்பர மெயிலுக்கு, ஒரே தட்டில் நிறுத்திக்கொள்ள வழிசெய்யும் இந்த வரிகளை கூகுள் 2024இலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் இன்றும் "நிறுத்து" என்பதைத் தட்டினால் லாகின் செய்யச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. இரண்டு வருஷமாக வராதவருக்குப் பாஸ்வேர்டு ஞாபகமிருக்குமா? "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்பதைத் தட்டுகிறார். அதற்கான மெயில் வரவே இல்லை. ஸ்பாமில் கிடக்கிறது.