பால் கணக்கும் ஆறு வரி நிரலும்

நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் முதன்முதலாக இட்ட அழைப்பு இரண்டே வரிதான்: "ஞாயிறுதோறும் சேர்ந்து கோடிங் படிப்போம். விருப்பம் உள்ளவர்கள் வரலாம்." 14 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தவர்கள் 2 பேர். மூவரும் ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்து இரண்டு மணி நேரம் காணொளி பார்த்தோம், டீ குடித்தோம், கலைந்தோம். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; தனியாகப் படுத்துக்கொண்டே பார்க்கக்கூடிய காணொளிக்காக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யார் வண்டியை எடுப்பார்கள்?

தவறு அழைப்பில் இருந்தது என்பது என் கருத்து. வந்தால் என்ன செய்யப் போகிறோம் என்பதை அது சொல்லவில்லை. ஆகவே இரண்டாவது அழைப்பைப் பின்வருமாறு எழுதினேன்:

"வரும் ஞாயிறு காலை 9.30 முதல் 11.30 வரை எங்கள் வீட்டு மாடியில் பைத்தான் படிக்கிறோம். பாடம் நடத்த ஆள் கிடையாது, நானும் படிக்கிறவன்தான். லிஸ்ட் என்றால் என்ன, for எப்படிச் சுற்றும் என்று தெரிந்திருந்தால் போதும். படத்தில் உள்ள 6 வரிகளை ஓட்டிப் பார்க்காமல், என்ன அச்சாகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். விடை தவறாக இருந்தாலும் பரவாயில்லை, தாள் இல்லாமல் வராதீர்கள்."

நிரலைத் தட்டச்சு செய்து அனுப்பாமல், கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியதற்குக் காரணம் உண்டு. எழுத்தாக அனுப்பினால் நகலெடுத்து ஒட்டி, கைப்பேசியிலேயே ஓட்டி, விடையைப் பார்த்துவிடுவார்கள். விடையைப் பார்த்துவிட்டவருக்குக் கேட்பதற்குக் கேள்வி இருக்காது. அந்த 6 வரிகள் இவை:

```python
paal = [[0] * 7] * 3
alavu = [2, 1, 0.5]
for veedu in range(3):
    for naal in range(7):
        paal[veedu][naal] = alavu[veedu]
print(paal)
```

இது நான் பயிற்சிக்காகப் புனைந்த கணக்கு அன்று. சக்கிமங்கலத்தில் மாடு வைத்திருக்கும் என் சித்தி, வீடுகளுக்குப் பால் ஊற்றி நோட்டில் கணக்கு எழுதிவருகிறார். அதை நிரலாக எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன். மூன்று வீடுகளை மட்டும் வைத்துத் தொடங்கினேன். முதல் வீட்டுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர், இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு அரை லிட்டர். ஏழு நாளைக்கு மொத்தம் 24.5 லிட்டர் வர வேண்டும். லிட்டர் 50 ரூபாய் என்று வைத்தால் 1,225 ரூபாய். என் நிரலோ 10.5 லிட்டர், 525 ரூபாய் என்றது. சித்தி மொத்தத்தைப் பார்க்கவேயில்லை. வீட்டுவாரியாகப் பார்த்துவிட்டு, "ஏப்பா, ரெண்டு லிட்டர் வாங்குற வீட்டுக்கும் அரை லிட்டர் வாங்குற வீட்டுக்கும் ஒரே காசா?" என்று கேட்டார். மூன்று வரிசையிலும் 0.5 மட்டுமே நிறைந்திருந்தது.

அந்த ஞாயிறு 5 பேர் தாளோடு வந்தார்கள். நான்கு தாள்களில் முதல் வரிசையில் 2, அடுத்ததில் 1, கடைசியில் 0.5 என்று, அதாவது நான் எதிர்பார்த்ததைப் போலவே எழுதியிருந்தது. ஐந்தாவது தாளில் மட்டும் மூன்று வரிசையும் 0.5. அவன் வழியில் கைப்பேசியில் தட்டி ஓட்டிப் பார்த்துவிட்டான் என்பது, ஏன் என்று கேட்டதும் அவன் விழித்த விழியிலேயே தெரிந்தது. ஓட்டிக் காட்டியபோது மற்றொருவன், "எரர் ஒண்ணுமே வரலையே மாப்ள, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றான். எனக்கும் அதே ஐயம்தான் ஒரு வாரமாக இருந்தது. இலக்கணப் பிழையாக இருந்தால் பைத்தான் நின்று, எந்த வரி என்று சொல்லிவிடும். இங்கே அதன் பார்வையில் எந்தப் பிழையும் இல்லை. நாம் சொன்னதை அது அப்படியே செய்திருக்கிறது. நாம் என்ன சொன்னோம் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு, எந்த வரிசை எந்த லிஸ்டைச் சுட்டுகிறது என்று தாளில் அம்பு போட்டு வரைந்தோம். முதல் வரியில் [0] * 7 என்னும் பகுதி ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படுகிறது. அதில் ஏழு கட்டம் கொண்ட ஒரு லிஸ்ட் பிறக்கிறது. அதன் பின்னர் வரும் * 3 அந்த லிஸ்டை மூன்று நகலாக எடுப்பதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டும் மூன்று முறை குறித்துவைக்கிறது. சித்தியின் நோட்டைக் கொண்டு சொன்னால், முகப்பில் மூன்று வீட்டுப் பெயரும் இருக்கின்றன, ஆனால் மூன்றுக்கும் எதிரே பக்கம் 5 என்றே எழுதியிருக்கிறது. முதல் வீட்டுக்கு 2 என்று பக்கம் 5-இல் எழுதுகிறோம். இரண்டாவது வீட்டுக்குப் போனாலும் அதே பக்கம்தான் திறக்கிறது. 2-ஐ அழித்து 1 எழுதுகிறோம். மூன்றாவது வீடு அதையும் அழித்துவிடுகிறது. கடைசியாக எழுதியவர் கணக்கே எல்லோருக்கும் மிஞ்சுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டியதில்லை என்பதையும் அன்றுதான் உணர்ந்தோம். ஒரே ஒரு கட்டத்தில் `paal[0][0] = 2` என்று இட்டு அச்சிட்டால், மூன்று வரிசையின் தலையிலும் 2 வந்து நிற்கும். நான் 21 கட்டங்களையும் நிரப்பிவிட்டுத் தேடியதால்தான் ஒரு வாரம் போயிற்று. இன்னொரு சோதனை `paal[0] is paal[1]` என்று கேட்பது. இரண்டும் ஒரே லிஸ்ட்தானா என்பதை is கேட்கிறது. இங்கே True என்று வரும். அதற்குப் பதில் == போட்டு ஏமாறக்கூடாது. அது உள்ளிருக்கும் மதிப்புகளை மட்டுமே ஒப்பிடும். எல்லாம் சுழியமாக இருக்கும் தொடக்கத்தில், சரியான நிரலிலும் தவறான நிரலிலும் அது True என்றே சொல்லும்.

திருத்தம் ஒரே வரிதான்:

```python
paal = [[0] * 7 for veedu in range(3)]
```

இப்போது ஒவ்வொரு சுற்றிலும் [0] * 7 புதிதாகக் கணக்கிடப்படுவதால் மூன்று தனித்தனி லிஸ்ட்கள் பிறக்கின்றன. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பகுதியிலேயே இந்தச் சிக்கல் விளக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் பிறகுதான் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் திருத்தத்தை எடுத்து ஒட்டியிருப்பேன், அவ்வளவுதான். பார்க்காததும் நல்லதாயிற்று, ஏனென்றால், அந்தக் காலைப்பொழுதின் மிக நல்ல கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் தாளில் தவறாக எழுதிய ஒருவரிடமிருந்து: "உள்ளே இருக்கிற [0] * 7 மட்டும் எப்படிச் சரியாகும்? அங்கேயும் ஒரே சுழியத்தைத்தானே ஏழு முறை குறிக்கிறோம்? திங்கட்கிழமைக்கு 2 போட்டால் செவ்வாய்க்கும் 2 ஆக வேண்டாமா?"

கால் மணி நேரம் யாரிடமும் விடை இல்லை. பிறகு தாளில் அம்புகளை மீண்டும் வரைந்தபோது பிடிபட்டது. ஏழு கட்டமும் ஒரே சுழியத்தைச் சுட்டுவது உண்மையே. ஆனால் திங்கள் கட்டத்தில் 2 இடும்போது நாம் அந்தச் சுழியத்தைத் திருத்துவதில்லை. எண்ணைத் திருத்தவும் முடியாது. திங்களின் அம்பை மட்டும் சுழியத்திலிருந்து எடுத்து 2-இன் பக்கம் திருப்புகிறோம். செவ்வாயின் அம்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. லிஸ்ட் அப்படியன்று, அதன் உள்ளே கைவைத்து மாற்றலாம், மாற்றினால் அதைச் சுட்டும் எல்லோருக்கும் மாறும். இது புரிந்ததா என்று பார்க்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்: தவறான அந்த முதல் நிரலிலேயே `paal[0] = [2] * 7` என்று இட்டால் எத்தனை வரிசை மாறும்? ஒன்றுதான். இங்கே திரும்புவது முதல் வரிசையின் அம்பு. இதற்கு எல்லோரும் சரியாக விடை சொன்னார்கள், கைப்பேசிக்காரன் உட்பட.

இந்தப் படங்களையெல்லாம் அம்புக்குறியோடு வரைந்து காட்டும் pythontutor.com என்ற தளம் இருக்கிறது; நல்ல தளம். ஆனாலும் முதலில் கையால் வரைய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கையில் வரையும்போது அம்பு எங்கே போகிறது என்று நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அப்போதுதான் நம் எண்ணத்தில் இருக்கும் பிழை தாளில் வந்து விழுகிறது. வரைந்த பிறகு தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மடிக்கணினி ஒன்றே போதும் என்பதும் இப்படித்தான். ஐந்து பேர் ஐந்து கணினியோடு வந்தால் ஐந்து பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருவர் தட்ட, மற்றவர்கள் சொல்ல வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம். நன்றாகத் தெரிந்தவரிடம் விசைப்பலகையை முதலில் கொடுப்பதில்லை. மற்றவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய விரல்கள் முடித்துவிடும். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்க மாடி எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். தனியாகப் படிக்க நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் சுழியம் எங்கே போயிற்று என்று ஐந்து பேர் குரலை உயர்த்தி வாதிட, படிப்பறை ஏற்ற இடமன்று.

இந்த முறையில் கிடைக்காததும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் தனிக் கேள்வி என்பதால் இரண்டு வாரம் வராதவரும் தயங்காமல் திரும்ப வரலாம். ஆனால் அதே காரணத்தால் பாடம் வரிசையாக நகராது. பங்ஷன் எழுதுவது எப்படி, கோப்பைத் திறப்பது எப்படி என்பதையெல்லாம் அவரவர் வார நாள்களில் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அதையும் மாடியில் செய்ய முயன்றால் மறுபடி காணொளிக்கே போய்ச் சேருவோம்.

திருத்திய கணக்கைச் சித்தியிடம் காட்டிவிட்டேன். இப்போது அவர், போன வாரக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் நகலில் இந்த வாரத்தை எழுத முடியுமா என்று கேட்கிறார். வரும் ஞாயிற்றுக்கான படம் அதிலிருந்துதான். paal என்பது திருத்திய முறையில் உருவாக்கி, மூன்று வீட்டின் அளவும் சரியாக நிரப்பியது என்று கொள்க:

```python
nagal = paal.copy()
nagal[0][0] = 5
nagal[1] = [0] * 7
print(paal)
```

நகலில் இரண்டு இடத்தில் கைவைத்திருக்கிறோம். பழைய paal-இல் என்னென்ன மாறியிருக்கும் என்பதைத் தாளில் அம்பு வரைந்து எடுத்துவாருங்கள். காலை 9.30 மணி, அதே மாடி.