அறிவித்தலைத் தமிழிலிருந்து அடுக்கத் தொடங்குங்கள்

இலங்கையில் அரச அலுவலக அறிவித்தல்களில் தமிழ் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு, தாளின் அடியில் கிடப்பதைப் பார்த்தால் கோபம் வருவது நியாயம்தான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. அச்சகத்தில் பக்கம் அடுக்குகிறவள் என்ற வகையில் நான் காணும் காரணம் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. சிங்கள வாசகம் முதலில் வரும், பக்கம் அதற்கே நிரம்பிவிடும். மொழிபெயர்ப்பு கடைசி நேரத்தில் வரும். மிஞ்சிய இடத்தில் அதை அடக்க, எழுத்தின் அளவை 14 புள்ளியிலிருந்து 10க்கு இறக்குவார்கள். அதுவும் போதாவிட்டால் அகலத்தை 80 சதவீதத்துக்கு அமுக்குவார்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தைத் தமிழை வைத்து அளவெடுங்கள். ஒரே செய்திக்குத் தமிழ் பெரும்பாலும் கூடுதல் இடம் எடுக்கும். தமிழ் வசதியாக அமர்ந்த அளவில் சிங்களமும் அமர்ந்துவிடும். மறுபக்கமாக முயன்றால் இடிக்கும்.

ஒரு நீர்வெட்டு அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். A4 தாள், இருபக்கமும் 15 மில்லிமீற்றர் விளிம்பு. மிச்சம் 180. நடுவில் 8 விட்டால் 86 மில்லிமீற்றர் அகலத்தில், மொழிக்கு ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்திகள். 14 புள்ளியில் "பராமரிப்பு வேலைகள் காரணமாக" என்பதோடு ஒரு வரி முடிந்துவிடும். நாலைந்து வரி அறிவித்தலுக்கு இது போதும், இரண்டு மொழியும் ஒரே உயரத்தில் கண்ணுக்குப் படும். வாசகம் நீண்டால் பத்தி தாங்காது. அப்போது தாளின் முழு அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள், ஆனால் ஒவ்வொரு மொழியும் தலைப்பு முதல் தொலைபேசி இலக்கம் வரை முழுதாக இருக்கட்டும். தலைப்பு இரண்டு மொழியிலும், திகதியும் நேரமும் ஒன்றில் மட்டும் என்பதுதான் நான் அடிக்கடி காணும் கேடு. வந்தவருக்குத் தேவையான தகவலே அங்கே போய்விடுகிறது.

எது முதலில்? இரண்டு மொழியும் இடமிருந்து வலம் போவதால் இடப்பக்கம்தான் முதலில் படும். வடக்கு கிழக்கில் தமிழ் இடப்பக்கம், மற்ற இடங்களில் சிங்களம் என்றால் எனக்கு வருத்தமில்லை. அளவும் தடிமனும் சமமாக இருந்தால் வரிசையால் யாரும் சிறுத்துப்போவதில்லை.

சரி, சம அளவு என்றால் என்ன? இரண்டுக்கும் 14 என்று போட்டுவிட்டால் சமமாகிவிடாது. ஒரே புள்ளியில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் தெரியும். தமிழ் 'ப'வையும் சிங்களப் 'ப'வையும் 200 புள்ளியில் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். சிங்களம் பத்தில் ஒரு பங்கு குட்டையாகத் தெரிந்தால் அதை 15.6 ஆக்குங்கள். Noto Sans Tamil, Noto Sans Sinhala போல ஒரே குடும்பத்து எழுத்துருக்களை எடுத்தால் வேலை குறையும், ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். சிங்களத்தில் உயிர்க்குறிகள் மேலும் கீழும் ஏறி இறங்குவதால் வரி இடைவெளி தாராளமாக வேண்டும். 21 புள்ளி வைத்து, அதையே தமிழுக்கும் கொடுங்கள்.

அடுத்தது தடிமன். தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டும் என்று பொத்தானை அழுத்துவோம். அந்த எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால் மென்பொருளே கோட்டைப் பருமனாக்கிவிடும். இ, ஞ, ண போன்றவற்றின் உள்வட்டங்கள் அடைபடும். அதைப் போட்டோக்கொப்பி எடுத்தால் கறுப்புத் திட்டுத்தான். அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி, சில அடி தள்ளிநின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு பகுதி மற்றதைவிடக் கறுத்துத் தெரிந்தால் தடிமன் பொருந்தவில்லை.

மொழி தெரியாதவர்கூடப் பிடிக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. தமிழ் வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கினால் அநேகமாக ஒரு சொல் நடுவில் உடைந்திருக்கிறது. 'ஸ்தாபனம்' போலச் சில வடசொற்களும் பிறமொழிப் பெயர்களும்தான் விலக்கு. புள்ளிபோட்ட வெறும் வட்டம் தெரிந்தால் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. தமிழ் ஆள் சிங்களத்தில் பார்க்க வேண்டியது 'ஸ்ரீ லங்கா'வின் முதல் எழுத்தை. சரியாக இருந்தால் அது ஒட்டிய ஒரே வடிவம். பிரதி எடுக்கும்போது U+200D என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பி தொலைந்தால், முதல் எழுத்தின் மேல் கொடிபோல ஒரு குறி நிற்க, 'ரீ' தனியாகப் போய்விடும்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளருக்கு வாசகக் கோப்பை மட்டும் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வதை நிறுத்துங்கள். இந்தப் பிழைகளில் பாதி பக்கம் அடுக்கியபிறகே பிறக்கிறது. அச்சிட்ட தாள் அவர் கைக்குப் போக வேண்டும், கையெழுத்தும் அதன்மேலேயே வர வேண்டும்.